ஏன் இந்த மூன்று பள்ளிகள்? சிறிய ஒப்பீட்டு ஆய்வில் நேர்வுத் தேர்வை நியாயப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு ஐந்தடிக்கு ஒரு சனிக்கிழமை முதுகலை மாணவி ஒருத்தி வந்தாள். கையில் ஆய்வு முன்மொழிவு. தோட்டம் கைமாறிய பிறகு சில தமிழ்ப்பள்ளிகள் மாணவர்களைத் தக்கவைத்தன, சில வெறிச்சோடிப் போயின. ஏன் அப்படி என்பது அவளுடைய கேள்வி. ஒப்பிட இரண்டு பள்ளிகளை எடுத்திருந்தாள். மேற்பார்வையாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பியிருந்தார்: ஏன் இந்த இரண்டு?

"ஏம்மா இந்த ரெண்டு?" என்று நானும் கேட்டேன்.

"ரெண்டும் பக்கத்துல இருக்கு சார். ஒண்ணுல எங்க மாமா பள்ளி வாரியத்துல இருக்காரு, உள்ள போறது சுலபம்."

உண்மையான பதில்தான். ஆனால் அந்த இரண்டு பள்ளிகளை வைத்து எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதற்கு அதில் பதில் இல்லை. அவளோடு உட்கார்ந்து செய்த வேலையை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். பள்ளிகளுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். எண்களும் விளக்கத்துக்காக நான் மாற்றி அமைத்தவை.

## முதலில் கேள்வி, பிறகுதான் பள்ளி

ஒப்பிட எடுக்கும் ஒவ்வொரு பள்ளியும் ஒரு நேர்வு. நேர்வு என்றால் ஏதோ ஒன்றின் நேர்வு. ஒரு பள்ளியை எடுத்துவிட்டு "இது எதன் நேர்வு?" என்று பிறகு யோசித்தால், பதில் பள்ளிக்கு ஏற்ப வளைந்துவிடும். அதனால் பள்ளிப் பெயர் எதையும் எழுதாமல் மூன்று வரிகளை முதலில் எழுதச் சொன்னேன். எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறாய்? எந்த விளைவை விளக்குகிறாய்? எந்தக் காரணத்தைச் சந்தேகிக்கிறாய்?

கூட்டம்: பால்மரத் தோட்டத்துக்குள் தொடங்கி, அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறியதையோ விற்கப்பட்டதையோ சந்தித்த தமிழ்ப்பள்ளிகள். நகரத்திலேயே தொடங்கிய பள்ளிகள் இதில் சேரா.

விளைவு: மாற்றத்துக்கு முந்தைய ஆண்டின் மாணவர் எண்ணிக்கையை, இருபது ஆண்டு கழித்து இருந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால் "தக்கவைத்தது". நான்கில் ஒரு பங்கோ அதற்குக் கீழோ என்றால் "இழந்தது". இடைப்பட்டவை தனி வகை. இந்த எல்லைகளை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்தாள். பார்த்த பிறகு எல்லை போட்டால், நமக்குப் பிடித்த பள்ளி எப்படியோ வெற்றிப் பக்கம் வந்து நின்றுவிடும்.

சந்தேகிக்கும் காரணம்: பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருந்தது. தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள் பலவும் பகுதி அரசு உதவிதான் பெற்றன, நிலம் முதலாளியுடையதாகவே இருந்தது. தோட்டம் கைமாறும் முன் பள்ளி நிலத்துக்குத் தனிப் பட்டா வாங்கிவிட்ட வாரியங்களும் உண்டு, வாங்காதவையும் உண்டு.

## முழுப் பட்டியல் இல்லாமல் தேர்வு இல்லை

தேர்வு என்றால் பலவற்றிலிருந்து எடுப்பது. எவற்றை எடுக்காமல் விட்டோம் என்று காட்டினால்தான் எடுத்ததற்கு அர்த்தம் இருக்கும். ஆகவே மாவட்டத்தில் கேள்விக்குப் பொருந்தும் பள்ளிகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஆனது. முழு ஆய்விலும் பலன் அதிகம் தந்த இரண்டு வாரம் அது என்பது என் எண்ணம்.

கல்வி அமைச்சின் இன்றைய பள்ளிப் பட்டியலைப் பார்த்து அவள் 11 பள்ளிகளை எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இன்றைய பட்டியலில் இன்று இருக்கும் பள்ளிகள்தானே இருக்கும்? மூடப்பட்டவை எங்கே? "ஏன் இழந்தன" என்று கேட்கும் ஆய்வில், எல்லாவற்றையும் இழந்த பள்ளிகள் முதல் படியிலேயே காணாமல் போகின்றன. பழைய பள்ளி இதழ்களையும் குறிப்பேடுகளையும் புரட்டினாள். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வரும் பெரியவர்களைக் கேட்டாள். இன்னும் மூன்று பள்ளிகள் கிடைத்தன. மொத்தம் 14.

அந்த மூன்றில் ஒன்று மூடப்பட்டது. மற்ற இரண்டும் உரிமத்தோடு வேறு ஊருக்கு இடம் மாறியவை. நம் நாட்டில் இதை அடிக்கடி பார்க்கலாம்: பள்ளி ஒரு தாமானின் நடுவில் நிற்கும், பெயரில் மட்டும் பழைய தோட்டம் இருக்கும். அவற்றில் ஒன்றில் இன்று 300 பிள்ளைகள். எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர்கூட அங்கே படிக்கவில்லை. இது தக்கவைத்ததா, இழந்ததா? நேர்வு என்பது உரிமமா, அந்தப் பள்ளியைச் சுற்றி வாழ்ந்த சமூகமா என்று முடிவு செய்தால்தான் பதில் கிடைக்கும். அவள் கேள்வி சமூகத்தைப் பற்றியது. அதனால் இடம் மாறிய இரண்டும் இழந்தவை என்ற விதியைக் காரணத்தோடு எழுதினாள். வேறொருவர் உரிமத்தை நேர்வாக எடுக்கலாம், தவறில்லை. நடுவழியில் மாற்றிக்கொள்வதுதான் தவறு.

14இல் நான்கு தக்கவைத்தவை, ஐந்து இழந்தவை, ஐந்து இடைப்பட்டவை. இனித் தேர்வைத் தொடங்கலாம்.

## மிக ஒத்த நேர்வுகள்

வகுப்பில் மோஸ்ட் சிமிலர் என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பெரும்பாலானவற்றில் ஒத்துப்போகும் இரண்டு நேர்வுகளை எடுக்கிறோம். இரண்டிலும் ஒன்றாக இருக்கும் எதுவும் விளைவின் வேறுபாட்டைத் தனியாக விளக்க முடியாது. எஞ்சும் வேறுபாடு சந்தேகத்துக்கு உரியதாகிறது. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதிவைத்த வேறுபாட்டு முறையின் வழி வந்த எண்ணம் இது. சமூக விஷயங்களில் காரணங்கள் பின்னிக் கிடப்பதால் இந்த முறை அங்கே சரிப்படாது என்று எச்சரித்தவரும் அவரேதான். அந்த எச்சரிக்கை நம் பள்ளிகளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சற்றுப் பிறகு தெரியும்.

அவள் எடுத்த சோடியை ஆற்றோரப் பள்ளி, மேட்டுப் பள்ளி என்று அழைக்கிறேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தோட்டங்களில் இருந்தவை. ஒரே பத்தாண்டில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நகரத்திலிருந்து இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். தொடக்கத்தில் ஒன்றில் 96 பிள்ளைகள், மற்றதில் 90. இருபது ஆண்டு கழித்து ஆற்றோரத்தில் 84, மேட்டில் 14. ஆற்றோரத்துக்குத் தனிப் பட்டா இருந்தது, மேட்டுக்கு இல்லை.

பார்க்க அழகாக இருக்கிறது. "முடிஞ்சுதா சார்?" என்றாள். முடியவில்லை. "இரண்டும் ஒத்தவை" என்று எழுதுவது போதாது. எதில் ஒத்தவை, அந்த ஒற்றுமை எந்தப் போட்டி விளக்கத்தை ஒதுக்குகிறது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒரே நிறுவனம் என்பதால், முதலாளியின் குணம்தான் காரணம் என்ற விளக்கம் விழுகிறது. தூரம் ஒன்று என்பதால், நகரத்துக்கு அருகில் இருந்ததால் பிழைத்தது என்ற விளக்கம் விழுகிறது. தொடக்க எண்ணிக்கை நெருக்கமாக இருப்பதால், பெரிய பள்ளி தாக்குப்பிடித்தது என்பதும் விழுகிறது. எந்தப் போட்டி விளக்கத்தையும் ஒதுக்காத ஒற்றுமைக்கு ஆய்வேட்டில் இடம் வேண்டாம். இரண்டு பள்ளியிலும் பிள்ளையார் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்ததை எடுத்துவிட்டோம்.

அடுத்து, எவற்றில் ஒத்துப்போகவில்லை என்று தேட வேண்டும். இதை நேரில் போய்ப் பார்த்துத்தான் செய்ய முடியும். போனோம். ஆற்றோரப் பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு தாமான் எழும்பியிருந்தது. மேட்டுப் பள்ளியைச் சுற்றிச் செம்பனை மட்டுமே. ஆக இந்தச் சோடியில் பட்டாவும் தாமானும் ஒன்றாகவே வருகின்றன, ஒன்றாகவே இல்லாமல் போகின்றன. எது வேலை செய்தது என்று இந்த இரண்டு பள்ளிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

இங்கேதான் மூன்றாவது நேர்வு வேண்டும். கூடுதலாக ஒன்று இருக்கட்டும் என்று சேர்ப்பது வீண். பின்னிக் கிடக்கும் இரண்டு காரணங்களைப் பிரிக்கக்கூடிய நேர்வாக அது இருக்க வேண்டும். தாமான் இருந்து பட்டா இல்லாத பள்ளி, அல்லது பட்டா இருந்து தாமான் இல்லாத பள்ளி. இரண்டாவது வகை அவள் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. முதல் வகையில் ஒன்று இருந்தது. அது சந்திப் பள்ளி.

| பள்ளி | பட்டா | தாமான் | தொடக்கம் | 20 ஆண்டுக்குப் பின் |
|---|---|---|---|---|
| ஆற்றோரம் | உண்டு | உண்டு | 96 | 84 |
| மேடு | இல்லை | இல்லை | 90 | 14 |
| சந்தி | இல்லை | உண்டு | 102 | 47 |

சந்திப் பள்ளி பாதியில் நின்றது. தாமான் மட்டுமே போதுமென்றால் அது ஆற்றோரத்தைப் போல இருந்திருக்க வேண்டும். தாமானுக்கு வேலையே இல்லையென்றால் மேட்டைப் போல ஆகியிருக்க வேண்டும். குறிப்பேட்டைப் புரட்டியதில் விஷயம் தெரிந்தது: தாமான் பிள்ளைகள் வந்தார்கள், வகுப்பறை போதவில்லை, கூடுதல் கட்டடத்துக்கு நில உரிமையாளரின் சம்மதம் கிடைக்கவில்லை, பெற்றோர் மெல்ல மெல்ல வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். தாமான் பிள்ளைகளைக் கொண்டுவருகிறது. வந்தவர்களை வைத்துக்கொள்ள இடம் கட்டும் உரிமை வேண்டும். காரணங்கள் பின்னிக் கிடக்கும் என்று மில் சொன்னது இதைத்தான். மூன்று எண்களை ஒப்பிட்டதால் மட்டும் இந்த விடை கிடைத்துவிடவில்லை. ஒப்பீடு எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியது, தோண்டியது குறிப்பேட்டில்.

இன்னொன்றையும் அவள் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பள்ளி நன்றாக இருக்கிறது, எது காலியானது என்பது இந்த ஊரில் வளர்ந்த அவளுக்கு முன்பே தெரியும். விளைவு வேறுபடுவதைப் பார்த்து நேர்வு எடுத்தால், அந்த ஆய்வு காரணத்தைத் தேடும் ஆய்வு. காரணம் வேறுபடுவதை மட்டும் பார்த்து, விளைவைப் பாராமல் எடுத்தால்தான் அது சோதிக்கும் ஆய்வு. இரண்டுக்கும் மிக ஒத்த அமைப்பு என்றே பெயர் என்பதால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தேடும் ஆய்வைச் செய்துவிட்டு "நிரூபித்தேன்" என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். சோதிக்க விரும்பினால், தனக்குப் பழக்கமில்லாத வேறொரு மாவட்டத்துக்குப் போய், நில அலுவலகப் பதிவை மட்டும் வைத்துப் பள்ளிகளைத் தேர்ந்து, அதன் பிறகு மாணவர் எண்ணிக்கையைத் திறந்து பார்க்கலாம்.

## மிக வேறுபட்ட நேர்வுகள்

இது தலைகீழ் வழி. பின்னணியில் எல்லாம் வேறாக இருந்தும் விளைவு ஒன்றாக இருக்கும் நேர்வுகளை எடுக்கிறோம். வேறுபடும் எதுவும் அந்த விளைவுக்குக் கட்டாயத் தேவையாக இருக்க முடியாது. பொதுவாக எஞ்சுவதைக் கவனிக்கிறோம்.

தக்கவைத்த நான்கு பள்ளிகளில் மூன்றை அவள் எடுத்தாள். ஒன்று ஆற்றோரம். இரண்டாவது, நகரத்திலிருந்து வெகு தூரத்தில், கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டத்துக்குள் இருப்பது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் பணம் திரட்டித் தோட்டம் வாங்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. மூன்றாவது, அப்படித் துண்டாடப்பட்டுச் சிறு தோட்டக்காரர்கள் கைக்குப் போன நிலத்தின் ஓரத்தில், பாலத்தருகே நிற்பது.

மூன்றிலும் பொதுவாக எதைக் கண்டாள்? சுறுசுறுப்பான பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். உற்சாகமாக எழுதிக்கொண்டு வந்தாள். மேட்டுப் பள்ளிக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டுவரச் சொன்னேன். அங்கேயும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார், மற்றவர்களைவிட அதிகமாகவே ஓடியாடியிருக்கிறார். தக்கவைத்த பள்ளிகளை மட்டும் பார்த்தால், எல்லாப் பள்ளியிலும் இருக்கும் ஒன்று வெற்றியின் காரணமாகத் தோன்றும். விளைவு ஒன்றாக இருக்கும் நேர்வுகளை மட்டும் எடுப்பதன் ஆபத்தை அரசியல் அறிஞர் பார்பரா கெடஸ் 1990இல் விரிவாக எழுதினார். அதன்பின் தேர்வாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வியாக அது ஆகிவிட்டது. மிக வேறுபட்ட அமைப்பைப் பயன்படுத்தினால், எஞ்சிய பொதுக் காரணம் இழந்த பள்ளிகளில் இல்லை என்று காட்டும் ஒரு படி கட்டாயம் வேண்டும்.

அடுத்து பட்டாவுக்கு வந்தாள். ஆற்றோரத்துக்கு உண்டு, பாலத்துக்கு உண்டு, கூட்டுறவுத் தோட்டப் பள்ளிக்கு இல்லை. "அங்க பட்டா இல்லாட்டியும் யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க சார், சங்கத்தோட நிலம்தானே. அதையும் சேத்துக்கலாமா?" என்றாள். கேட்டது நியாயம். ஆனால் ஒவ்வொரு நேர்விலும் பொருந்தும்வரை காரணத்தின் வரையறையை இழுத்துக்கொண்டே போனால், கடைசியில் அது எதையும் ஒதுக்காத வரையறையாகிவிடும். ஒரு வழி சொன்னேன். "பாதுகாப்பான நிலம்" என்றால் என்ன என்பதை மீண்டும் எழுது: பள்ளி வாரியம் வெளியார் சம்மதம் இல்லாமல் கட்டடம் எழுப்ப முடிந்ததா? பிறகு 14 பள்ளிகளுக்கும் அதே கேள்வியை மறுபடி கேள், இழந்தவற்றையும் சேர்த்து. வரையறையை மாற்றியதையும், ஏன் மாற்றினாய் என்பதையும் ஆய்வேட்டில் எழுது. புதிய வரையறையில் ஆற்றோரம், பாலம், கூட்டுறவு மூன்றும் பொருந்தின. இழந்த ஐந்தில் நான்கு பொருந்தவில்லை, ஒன்று பொருந்தியது. அந்த ஒன்றை அவள் மறைக்கவில்லை. நிலம் பாதுகாப்பாக இருந்தும் சுற்றிலும் குடும்பங்களே இல்லாமல் போன பள்ளி அது.

இந்த அமைப்புக்கு இன்னொரு பலவீனம் உண்டு. ஒரே விளைவுக்கு வெவ்வேறு வழிகள் இருந்தால் இது ஏமாற்றும். ஒரு பள்ளி நிலத்தால் பிழைத்திருக்கலாம், மற்றொன்று வாரியம் ஏற்பாடு செய்த வேனால் பிழைத்திருக்கலாம். இரண்டிலும் பொதுவாக இல்லை என்பதற்காக இரண்டு உண்மையான காரணங்களையும் தூக்கி எறிந்துவிடுவோம். அதனால் நான் மிக ஒத்த சோடியை முதுகெலும்பாக வைத்து, மிக வேறுபட்டதைத் துணையாக மட்டும் வைக்கச் சொல்வேன்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. அரசியல் அறிஞர்கள் ப்ரெஸ்வோர்ஸ்கியும் டியூனும் 1970இல் மிக வேறுபட்ட அமைப்பைப் பற்றி எழுதியபோது, ஒரே விளைவுள்ள நேர்வுகளைத் தேடச் சொல்லவில்லை. தனிமனிதர் மட்டத்தில் காணும் ஓர் உறவு, எடுத்துக்காட்டாகப் பெற்றோரின் படிப்புக்கும் பள்ளித் தேர்வுக்கும் உள்ள உறவு, மிக வேறுபட்ட சமூக அமைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்ப்பதே அவர்கள் வழி. நின்றால் அந்தச் சமூக அமைப்புகளின் வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. மேலே நாம் செய்தது மில்லின் ஒற்றுமை முறைக்கு நெருக்கமானது. எதைப் பின்பற்றுகிறோம் என்று ஆய்வேட்டில் தெளிவாக எழுதினால் வாய்மொழித் தேர்வில் தடுமாற வேண்டியிருக்காது.

## எழுதும் பத்தி

இவ்வளவு வேலையும் ஆய்வேட்டில் ஒன்றிரண்டு பத்தியாகத்தான் வரும். அவள் கடைசியாக எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மாவட்டத்தில் கேள்விக்குப் பொருந்தும் 14 பள்ளிகளிலிருந்து இச்சோடி எடுக்கப்பட்டது. நிறுவனம், மாற்றம் நிகழ்ந்த பத்தாண்டு, நகரத் தூரம், தொடக்க மாணவர் எண்ணிக்கை ஆகிய நான்கிலும் இவை ஒத்தவை, விளைவில் வேறுபட்டவை. இந்த நான்கிலும் இதைவிட நெருக்கமாக ஒத்த வேறு சோடி பட்டியலில் இல்லை. நில உரிமையும் அருகில் தாமான் இருப்பதும் இச்சோடியில் சேர்ந்தே வருவதால், அவற்றைப் பிரிக்க மூன்றாவது பள்ளி சேர்க்கப்பட்டது. பட்டா இருந்து தாமான் இல்லாத பள்ளி மாவட்டத்தில் இல்லை. ஆகவே நில உரிமை தனித்து என்ன செய்யும் என்பதை இவ்வாய்வு சொல்லாது. பள்ளிகளைத் தேர்ந்தபோது விளைவு ஆய்வாளருக்குத் தெரியும். ஆய்வாளரின் உறவினர் ஒருவர் முதல் பள்ளியின் வாரியத்தில் உள்ளார்."

மாமாவும் வந்துவிட்டார். அணுகல் எளிது என்பது வெட்கப்பட வேண்டிய காரணம் அல்ல. தர்க்கத்தின்படி சமமாக நிற்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றை எடுக்க அது போதும். தர்க்கத்துக்குப் பதிலாக அதை நிறுத்தும்போதுதான் சிக்கல். மாமா வழியாகக் கிடைக்கும் நேர்காணல்கள் வாரியத்தின் பார்வையிலேயே இருக்கும் என்பதால், அதே பள்ளியின் முன்னாள் பெற்றோர்களையும் தனியாகச் சந்தித்தாள்.

நடைமுறையில் ஒன்று. பள்ளிக்குள் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், அதன் பிறகும் தலைமையாசிரியர் மறுக்கலாம். ஒவ்வொரு நேர்வுக்கும் மாற்று யார், எந்த ஒற்றுமையை இழப்போம் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். மறுப்பு வந்த பிறகு தேடினால் கிடைத்ததை எடுப்பீர்கள், நியாயத்தைப் பிறகு தேடுவீர்கள்.

கடைசியில் அச்சுக்குப் போகும் முன் அவளுடைய அட்டவணையை நான் என் தம்பியிடம் காட்டினேன். பள்ளிப் பெயர் எதுவும் அதில் இல்லை. நிறுவனம், தூரம், ஆண்டு, மாணவர் எண்ணிக்கை மட்டும். அவன் அரை நிமிடத்தில் மூன்று பள்ளிகளின் பெயரையும் சொன்னான், மேட்டுப் பள்ளியின் தலைமையாசிரியர் யார் என்பதையும் சேர்த்து. ஒற்றுமையைக் காட்ட எவ்வளவு விவரம் கொடுக்கிறோமோ அவ்வளவு எளிதாக ஊர் அடையாளம் கண்டுபிடித்துவிடும். ஆண்டைப் பத்தாண்டாக்கினாள், தூரத்தை "பத்துக்குக் குறைவு, பத்துக்கு மேல்" என்று மாற்றினாள், எண்ணிக்கையை வரம்பாகப் போட்டாள். சரியான எண்கள் கொண்ட அட்டவணை மேற்பார்வையாளரிடம் மட்டும் இருக்கிறது.